ஆஃபர் லெட்டரை மாத்தி எழுதினேன்: ஒரு "நாம்" செஞ்ச வேலை

போன வாரம்தான் புது ஆஃபர் லெட்டர்ல முதல் கையெழுத்து விழுந்துச்சு, சூடு ஆறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உட்கார்ந்தேன். எல்லாம் ஒரு போன் கால்ல ஆரம்பிச்சது. நாங்க செலக்ட் பண்ண ஒரு பொண்ணு, இன்டர்வியூல அவ்ளோ உற்சாகமா பேசின பொண்ணு, லெட்டர் கையில கிடைச்ச அன்னிக்கு சாயந்திரம் கூப்பிட்டு "சார், நான் எதுவும் தப்பா சொல்லிட்டேனா, லெட்டர் பூரா என்னை வேலைய விட்டு அனுப்பறத பத்தியே இருக்கே"ன்னு கேட்டாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. ஆனா போனை வச்சிட்டு லெட்டரை எடுத்து படிச்சா அவங்க சொன்னது சரிதான். ரெண்டு பக்கத்துல "பணிநீக்கம்"ங்கற வார்த்தை 4 இடத்துல இருக்கு, அவங்க பேரு ஒரே இடத்துல, அதுவும் மேல விலாசத்துல. என்ன வேலைக்கு எடுத்துருக்கோம்ங்கறது மூணாவது பத்தியிலதான் வருது.

ஆரம்பிக்கிற வரியே இப்படி: "தங்களுக்கு இதன் மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில், கீழ்க்காணும் நிபந்தனைகளுக்குட்பட்டு..." கோர்ட் நோட்டீஸ் வந்தா கூட இதைவிட கொஞ்சம் இதமா ஆரம்பிக்கும்னு தோணுச்சு.

மேலதிகாரிகிட்ட கேட்டேன், மாத்தி எழுதட்டுமான்னு. "எழுது, ஆனா ஒரு நிபந்தனை கூட குறையக் கூடாது, கூடவும் கூடாது"ன்னார். குறையக் கூடாதுங்கறது புரிஞ்சுது, கூடக் கூடாதுங்கறத நான் காதுல வாங்கிக்கவே இல்ல, அங்கதான் பின்னாடி அடி வாங்கினேன்.

சரி, வேலைக்கு என்னென்ன எடுத்துகிட்டேன்னா பழைய லெட்டரோட ரெண்டு பிரிண்ட் அவுட், மஞ்சள் ஹைலைட்டர் ஒண்ணு, பச்சை ஒண்ணு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட். நேரக் கணக்கு மொத்தமா சொன்னா மூணு சாயந்திரம், கிட்டத்தட்ட 9 மணி நேரம், அதுல முதல் 3 மணி நேரம் வீண். வக்கீல் மேடம் பாத்தது தனியா 2 மணி நேரம், அதுக்கு பில் வந்துச்சு.

வீணாப் போன அந்த 3 மணி நேரத்தை முதல்ல சொல்லிடறேன். நான் நேரா எழுத உட்கார்ந்துட்டேன். பழசை இடது பக்கம் வச்சுகிட்டு பத்தி பத்தியா "இதை எப்படி அன்பா சொல்றது"ன்னு யோசிச்சு எழுதினேன். நல்லாவே வந்துச்சு, படிச்சுப் பாக்க எனக்கே அந்த வேலைக்குச் சேரணும் போல இருந்துச்சு. அப்படியே வக்கீல் மேடத்துக்கு அனுப்பிட்டேன். மறுநாள் திரும்பி வந்துச்சு, 7 சிவப்பு வட்டத்தோட. கூடவே ஒரு போன். "தம்பி, கடிதம் அழகா இருக்கு. ஆனா இது வேற ஒப்பந்தம்"னாங்க.

எது வேறன்னு ஒரு பத்தியை மட்டும் பிரிச்சுக் காட்றேன். பழைய லெட்டர்ல தகுதிகாண் காலத்தைப் பத்தி இருந்தது இது:

"தங்களது நியமனம் தகுதிகாண் அடிப்படையிலானது. மேற்படி தகுதிகாண் காலம் ஆறு மாதங்கள் ஆகும். நிர்வாகத்தின் தனி விருப்புரிமையின் பேரில் இக்காலம் மேலும் மூன்று மாதங்களுக்கு மிகாமல் ஒரு முறை நீட்டிக்கப்படலாம். எழுத்துப்பூர்வமாக உறுதி செய்யப்படாத வரை தாங்கள் நிரந்தரப் பணியாளராகக் கருதப்பட மாட்டீர்கள்."

நான் எழுதினது இது:

"முதல் ஆறு மாதங்கள் நாம் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் காலம். தேவைப்பட்டால் இதை இன்னும் சிறிது காலம் நாம் நீட்டித்துக்கொள்ளலாம். ஐந்தாவது மாதத்தில் உங்களுடன் அமர்ந்து பேசுவோம். அதன் பிறகு நீங்கள் எங்கள் குடும்பத்தில் நிரந்தரமாக ஒருவர்."

7 வட்டத்துல 4 இந்த ஒரே பத்தியில. மேடம் முதல்ல கை வச்சது "நாம்"ல. தமிழ்ல "நாங்கள்"னா கேக்கறவரு அதுல சேத்தி இல்ல, "நாம்"னா அவரும் சேத்தி. நீட்டிக்கிறதா வேண்டாமாங்கறது பழைய லெட்டர் படி நிர்வாகத்தோட தனி முடிவு. "நாம் நீட்டித்துக்கொள்ளலாம்"னு எழுதினா ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்றதா ஆயிடுது, சேர்ற ஆளு "நான் ஒத்துக்கலையே"ன்னா நீட்டிக்கவே முடியாது. அதுக்கு மேல அந்த "லாம்". "நீட்டிக்கப்படலாம்"ல இருக்கற "லாம்" நிர்வாகத்துக்கு இருக்கற உரிமை, "நாம் நீட்டிக்கலாம்"ல வர்ற "லாம்" வா போலாம்னு கூப்பிடற "லாம்". எழுத்து அதேதான், பக்கத்துல யாரு உட்கார்ந்திருக்காங்கங்கறத வச்சு அர்த்தம் புரண்டுடுது. நட்பா இருக்கட்டுமேன்னு நான் லெட்டர் பூரா 11 இடத்துல "நாம்" போட்டுருந்தேன். திரும்பி எண்ணிப் பாத்தப்ப அதுல 6 இடம் கம்பெனி மட்டும் முடிவு பண்ற விஷயம்.

அடுத்தது "சிறிது காலம்". 3 மாசத்துக்கு மேல போகாது, ஒரு தடவைதான்னு இருந்த ரெண்டு வரம்பும் போச்சு. இதுல வேடிக்கை என்னன்னா அந்த வரம்பு சேர்ற ஆளுக்கு சாதகமா இருந்தது. வறண்ட பாஷைல இருந்ததால எனக்கு அது மிரட்டலா தெரிஞ்சுது, இதமா மாத்தறேன்னு அவருக்கு இருந்த பாதுகாப்பையே தூக்கிட்டேன். மூணாவது, "அதன் பிறகு நீங்கள் நிரந்தரம்". காலம் முடிஞ்சா தானா நிரந்தரம்னு ஆயிடுச்சு, பழசுல எழுத்துல உறுதி பண்ணாதான் நிரந்தரம். நாலாவது அந்த ஐந்தாவது மாசப் பேச்சு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. நானே சேத்தேன், நல்லா இருக்கும்னு. "யாரு உட்கார்ந்து பேசுவாங்க? பேசலேன்னா?"ன்னு கேட்டாங்க, என்கிட்ட பதில் இல்ல. அதுதான் "கூடவும் கூடாது"ன்னு அவர் சொன்னதோட அர்த்தம்னு அப்பதான் உறைச்சுது. அன்பைக் காட்ட கைக்கு சுலபமா கிடைக்கிற சாமான் வாக்குறுதிதான், லெட்டர்ல அது ஒண்ணொண்ணும் ஒரு புது நிபந்தனை.

மிச்ச 3 வட்டத்துல ஒண்ணு போனஸ். "வழங்கப்படலாம், இது உரிமையாகாது"ன்னு இருந்ததை "ஆண்டுதோறும் போனஸும் உண்டு"ன்னு எழுதியிருந்தேன். என்னைத் திட்டணும்.

சரின்னு எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு முதல்ல பண்ணியிருக்க வேண்டியதை ரெண்டாவதா பண்ணேன். பழைய லெட்டரை வாக்கியம் வாக்கியமா நம்பர் போட்டேன், 41 வந்துச்சு. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து ஒரே கேள்வி: இதை எடுத்துட்டா யாரோட கடமையோ உரிமையோ மாறுதா? மாறினா மஞ்சள், மாறலேன்னா பச்சை. 41ல மஞ்சள் 27, பச்சை 14. "இதன் மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில்", "மேற்கூறியவற்றைத் தாங்கள் நன்கு கவனத்தில் கொள்ளவும்" மாதிரி வரியெல்லாம் பச்சை, சத்தம் மட்டும்தான், சரக்கு இல்ல. மஞ்சள்லயும் ஒரே விஷயத்தை ரெண்டு இடத்துல சொன்னது 4, அதைக் கழிச்சா 23 நிபந்தனை.

அந்த 23ஐயும் ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்தினேன், 5 நெடுவரிசை. யாரு, என்ன செய்யணும், கட்டாயமா இஷ்டமா, எவ்வளவு நாள் இல்ல எந்தத் தேதி, நடக்கலேன்னா என்ன ஆகும். பழைய லெட்டர்ல எங்கேருந்து வந்துச்சுன்னு வாக்கிய நம்பரும் ஓரத்துல. இந்த ஷீட்தான் வேலையே, எழுதறதெல்லாம் அப்புறம் சின்ன விஷயம்.

கஷ்டம் எங்க வந்துச்சுன்னா முதல் நெடுவரிசைல. "யாரு"ங்கறதுக்கு பழைய லெட்டர்ல பதிலே இல்லாம நிறைய வாக்கியம் இருந்துச்சு, ஏன்னா எல்லாம் "படும்"ல முடியுது. வழங்கப்படும், பரிசீலிக்கப்படும், தீர்மானிக்கப்படும், பிடித்தம் செய்யப்படும். யாரு வழங்குவா, யாரு தீர்மானிப்பா? 23ல 9 கட்டம் காலியா நின்னுச்சு. படிக்கிறவனுக்கு அந்த லெட்டர் ஏன் அவ்ளோ குளிரா இருந்துச்சுன்னு இதுலதான் புரிஞ்சுது, அதுல ஆளே இல்ல, மேலேருந்து ஏதோ ஒரு சக்தி வழங்குது, நீக்குது. "நாங்கள் தருவோம்"னு எழுதினா உடனே ஒரு மனுஷன் எதிர்ல வந்து நிக்கறான். ஆனா அப்படி எழுதணும்னா அந்த மனுஷன் யாருன்னு எனக்குத் தெரியணும். 9 கேள்வியையும் எழுதிகிட்டு மேலதிகாரி, கணக்குப் பிரிவுன்னு அலைஞ்சேன். 8க்கு பதில் கிடைச்சுது. ஒண்ணுக்கு, சம்பளத்துல மாறுற பகுதி இருக்கே அதோட இலக்கை யாரு வைக்கிறாங்கன்னு யாருக்கும் தெளிவா சொல்லத் தெரியல, அதனால அந்த வாக்கியத்தை "நிர்ணயிக்கப்படும் இலக்கு"ன்னே விட்டுட்டேன். நானா ஒரு ஆளை நியமிச்சா அதுவும் புது நிபந்தனை.

ஷீட் போட்டதுல கிடைச்ச பெரிய ஷாக் விலகல் அறிவிப்பு. பழைய லெட்டர்ல 9ஆவது பிரிவுல "பணி உறுதி செய்யப்பட்ட பின்னர் விலக விரும்பும் பட்சத்தில் அறுபது நாட்கள் முன்னறிவிப்பு வழங்கப்பட வேண்டும்"னு இருக்கு. அடுத்த பக்கத்துல 14ஆவது பிரிவுல "பணி முடிவுக்குக் கொண்டுவரப்படும் பட்சத்தில் முப்பது நாட்கள் முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ வழங்கப்படும்". ரெண்டும் தூரமா இருந்ததால இத்தனை வருஷமா யாருக்கும் உறுத்தல. ஷீட்ல வரிசைப்படுத்தினதும் அடுத்தடுத்த வரிசைல வந்து உட்கார்ந்துச்சு, ஊழியர் 60, கம்பெனி 30. நான் இதை மாத்தற இடத்துல இல்ல, நிபந்தனை அப்படியே இருக்கணும். இதமா எழுதறதுங்கறது இதை மழுப்பி எழுதறதா இருக்கக் கூடாதுன்னு மட்டும் முடிவு பண்ணேன். பக்கத்துப் பக்கத்துலயே போட்டேன்:

"பணி நிரந்தரமான பிறகு நீங்கள் விலக விரும்பினால் 60 நாட்களுக்கு முன் எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் பணியை நாங்கள் முடித்துக்கொள்வதாக இருந்தால் 30 நாட்களுக்கு முன் உங்களுக்கு எழுத்தில் தெரிவிப்போம், அல்லது அந்த 30 நாட்களுக்கான ஊதியத்தைத் தருவோம்."

"எழுத்தில்"ங்கறது நான் சேத்தது இல்ல, அறிவிப்பு எல்லாம் எழுத்துல இருக்கணும்னு 17ஆவது பிரிவுல தனியா ஒரு வரி இருந்துச்சு, அதை இழுத்து இங்க வச்சேன். முதல்ல "சொல்ல வேண்டும்"னு எழுதியிருந்தேன், வாய்ல சொன்னா போதும்னு ஆயிருக்கும். இதைப் படிச்சுட்டு மேலதிகாரி ரொம்ப நேரம் பேசாம இருந்தார், அப்புறம் "இது இவ்ளோ தெளிவா தெரியணுமா"ன்னார். "முன்னாடியும் இதேதான் சார் இருந்துச்சு"ன்னேன். இருக்கட்டும், விதியை மாத்தறதைப் பத்தி அப்புறம் பேசலாம்னு விட்டுட்டார்.

அடுத்து நாலு "பணிநீக்கம்". எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்து ஒரு தடவை சொன்னா போதும்னு நெனச்சேன். பொய்யான சான்றிதழ், ரகசியத்தை வெளிய சொல்றது, ஒழுங்கீனம், தகவல் சொல்லாம தொடர்ந்து 7 நாள் வராம இருக்கறது. நாலையும் "கீழ்க்கண்ட காரணங்களுக்காக உடனே பணிநீக்கம் செய்வோம்"னு ஒரே வாக்கியத்துல அடைச்சேன், சந்தோஷமா இருந்துச்சு. ஷீட்டோட கடைசி நெடுவரிசையைப் பாத்தா ஒண்ணு பொருந்தல. முதல் மூணுக்கும் விளைவு பணிநீக்கம், நாலாவதுக்கு "பணிநீக்க நடவடிக்கையின்றியே தாமாகப் பணியிலிருந்து விலகியதாகக் கருதப்படும்". அந்த வார்த்தை அங்க இருந்ததால நானும் எண்ணிக்கைல சேத்துட்டேன், ஆனா விஷயமே வேற. பணிநீக்கம்னா கம்பெனி அனுப்பினது, தாமா விலகினதுன்னா அவரே போனது, பின்னாடி அனுபவச் சான்றிதழ்ல எழுதறது வரைக்கும் மாறும். பிரிச்சு தனி வாக்கியமா எழுதினேன். கடைசில "பணிநீக்கம்" புது லெட்டர்ல ஒரே தடவைதான் வருது, பலம் ஒண்ணும் குறையல.

காரணம் சொல்ற விஷயத்துல இன்னொரு தப்பு. நிபந்தனையை சும்மா சொல்லாம ஏன்னு சொன்னா மரியாதையா இருக்கும்னு தோணும், பேச்சுல அது சரிதான். "பயிற்சிக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம் என்பதால் தகுதிகாண் காலத்தை நீட்டிக்கலாம்"னு எழுதினேன். மேடம் கேட்டாங்க, "அப்ப பயிற்சி தவிர வேற காரணத்துக்கு நீட்டிக்க மாட்டீங்களா?" காரணத்தைப் போட்டதும் நிபந்தனை அந்தக் காரணத்தோட அகலத்துக்கு சுருங்கிடுதுன்னு யாராவது வாதாட இடம் கிடைக்குது. அதனால காரணம் எல்லாத்தையும் லெட்டர்லேருந்து எடுத்துட்டேன், ஆளை நேர்ல பாக்கும்போது வாயால சொல்லிக்கறேன்.

அப்ப வாக்குறுதி கூடாது, "நாம்" கூடாது, காரணம் கூடாதுன்னா இதம் எங்கேருந்து வரும்னு ஒரு சாயந்திரம் பூரா முழிச்சேன். வந்தது மூணு இடத்துலேருந்துதான். ஒண்ணு வரிசை. பழசு நிபந்தனைல ஆரம்பிச்சு சம்பளத்துல முடிஞ்சுது, புதுசு என்ன வேலை, எந்தத் தேதி, யாருகூட, எவ்வளவு சம்பளம்னு ஆரம்பிக்குது. ரெண்டு, "தாங்கள்" எல்லாம் "நீங்கள்", "படும்" எல்லாம் "நாங்கள் செய்வோம்". மூணு, ஏற்கெனவே உண்மையா இருக்கற விஷயத்தைச் சொல்றது. இன்டர்வியூ எடுத்தவங்ககிட்ட கேட்டு ஒரே ஒரு குறிப்பான வரி போடறது, உதாரணமா "நீங்கள் செய்து காட்டிய பழுது கண்டறியும் முறை எங்கள் குழுவுக்குப் பிடித்திருந்தது". நடந்தது அது, அதனால அதுல யாருக்கும் கடன் ஏறல. "உங்கள் வருகையால் நிறுவனம் உயரும்" மாதிரி வரியை எழுதி உடனே அடிச்சுட்டேன், அது யாருக்கு வேணா பொருந்தும்.

இந்த வரிசைலயும் ஒரு ஜாக்கிரதை வேணும். நல்ல செய்தி முன்னாடின்னு போட்டுட்டு, இந்த ஆஃபரே அசல் சான்றிதழ் சரிபார்ப்பும் பழைய கம்பெனியோட விடுவிப்புக் கடிதமும் வந்தாதான் செல்லும்ங்கறத ரெண்டாவது பக்கத்து அடில தள்ளிட்டேன். அதை நம்பி ஒருத்தர் கையில இருக்கற வேலைக்கு அவசரமா ராஜினாமா எழுதிட்டா? அதனால சம்பளத்துக்கு அடுத்த பத்தியாவே கொண்டு வந்தேன்: "இந்த நியமனம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது." அப்புறம் அந்த ரெண்டு. முதல் பக்கத்துலயே, முழு சைஸ் எழுத்துல.

தகுதிகாண் பத்தி கடைசியா நின்னது இப்படி:

"முதல் ஆறு மாதங்கள் தகுதிகாண் காலம். வேலையையும் எங்களையும் நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்; நாங்களும் உங்கள் வேலையைப் பார்ப்போம். இந்தக் காலத்தை நீட்டிப்பதா என்பதை நாங்கள் மட்டுமே முடிவு செய்வோம். நீட்டித்தால் ஒரே ஒரு முறைதான், அதுவும் மூன்று மாதங்களுக்கு மேல் போகாது. எங்களிடமிருந்து எழுத்தில் உறுதிக் கடிதம் வரும் வரை நீங்கள் நிரந்தரப் பணியாளர் ஆகமாட்டீர்கள்."

கடைசி வரில முதல்ல "கடிதம் வந்த நாளிலிருந்து நீங்கள் நிரந்தரப் பணியாளர்"னு அழகா திருப்பிப் போட்டிருந்தேன், "ஆகமாட்டீர்கள்"ங்கறது முகத்துல அடிக்கற மாதிரி இருக்கேன்னு. அதையும் மேடம் நிறுத்தினாங்க. எந்தத் தேதிலேருந்து நிரந்தரம்னு பழைய லெட்டர் சொல்லவே இல்ல, உறுதிக் கடிதத்துல பின் தேதியோ முன் தேதியோ போடலாம், நான் "வந்த நாளிலிருந்து"ன்னு எழுதினா அதை முடிவு பண்ணிட்டேன். எதிர்மறையா இருந்த வாக்கியத்தை நேர்மறையா திருப்பினா பல சமயம் புதுசா ஒண்ணு ஒட்டிகிட்டு வருது. அதனால சில "மாட்டீர்கள்" அப்படியே இருக்கு. பக்கத்து வரிகள் மனுஷன் பேசற மாதிரி இருந்தா அது ஒண்ணும் அவ்ளோ குத்தல.

கைவைக்காம விட்டது ஒரு பகுதி, ரகசியம் காக்கறதும் வேலைல உருவாக்கினது யாருக்குச் சொந்தம்ங்கறதும். முதல்ல அதுக்கு முன்னாடி எளிய தமிழ்ல 3 வரிச் சுருக்கம் எழுதினேன். ஆனா சுருக்கமும் அசலும் ரெண்டுமே கையெழுத்து போடற காகிதத்துல இருந்தா நாளைக்கு எது செல்லும்னு சண்டை வரும். இதுதான் செல்லும்னு இன்னொரு வரி எழுதணும், அந்த வரி மறுபடி கோர்ட் பாஷைலதான் வரும். சுருக்கத்தைத் தூக்கிட்டு, பழைய வாசகத்தை அப்படியே இணைப்பா வச்சிட்டு, லெட்டர்ல "இணைப்பில் உள்ள பக்கமும் இந்த ஒப்பந்தத்தின் பகுதி. கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள், புரியாத இடத்தை எங்களிடம் கேளுங்கள்"னு மட்டும் போட்டேன். கேக்கறதுக்கு ஒரு ஆளோட பேரும் போன் நம்பரும் கீழ இருக்கு. அதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டேன்.

எழுதி முடிச்சதும் நான் திரும்பத் திரும்பப் படிக்கறதுல பிரயோஜனம் இல்ல, எனக்குத்தான் 23ம் மனப்பாடம் ஆயிடுச்சே. பழசைப் பாக்காத ரெண்டு பேரைப் பிடிச்சேன், ஒருத்தர் என் தங்கச்சி, இன்னொருத்தர் வேற பிரிவுல புதுசா சேந்தவர். புது லெட்டரை மட்டும் கொடுத்து 12 கேள்வி கேட்டேன், ஷீட்லேருந்து எடுத்தது. போனஸ் கட்டாயம் வருமா? 4ஆவது மாசம் வேலைய விடணும்னா எத்தனை நாள் முன்னாடி? வேற கிளைக்கு மாத்துவாங்களா, உன்கிட்ட கேப்பாங்களா? பதில் ஷீட்டோட ஒத்துப்போகணும். தங்கச்சி 12க்கு 11, அவரு 12க்கு 10. ரெண்டு பேரும் தப்பு விட்டது ஒரே இடம், 4ஆவது மாசக் கேள்வி. 60னு சொன்னாங்க. சரியான பதில் 15, தகுதிகாண் காலத்துல ரெண்டு பக்கமும் 15 நாள்தான். நான் அதை தகுதிகாண் பத்தியோட வாலுல ஒட்டி வச்சிருந்தேன், அடுத்த பத்தில பெருசா 60னு பாத்ததும் அது மறந்துடுது. மூணு அறிவிப்புக் காலத்தையும் ஒரு சின்ன அட்டவணையா போட்டேன், மறுபடி கேட்டா சரியா சொன்னாங்க. அவரு விட்ட இன்னொண்ணு கையெழுத்துத் தேதி. "10ஆம் தேதிக்குள்"னு இருந்ததை 9 வரைக்கும்தான்னு எடுத்துகிட்டார். பழைய லெட்டர்ல "10ஆம் தேதி மாலை 5 மணிக்குள், தவறினால் ரத்து"ன்னு தெளிவா இருந்துச்சு, "மாலை 5 மணி" ரொம்ப கறாரா இருக்கேன்னு நான்தான் வெட்டியிருந்தேன். திருப்பி வச்சேன்.

அதுக்கப்புறம் மேடத்துக்கு ரெண்டாவது தடவை அனுப்பினேன், இந்த தடவை ஷீட்டையும் சேத்து, ஒவ்வொரு நிபந்தனைக்கும் பழைய வாக்கிய நம்பரும் புது வாக்கிய நம்பரும் எதிரெதிரா. ஒரே வட்டத்தோட வந்துச்சு, அந்த "வந்த நாளிலிருந்து"தான். மேடம் போட்ட 2 மணி நேரத்துல முக்காவாசி முதல் தடவைக்குப் போனது, ஷீட் இருந்ததால ரெண்டாவது தடவை சீக்கிரம் முடிஞ்சுது.

பழசு 41 வாக்கியம், புதுசு 38, அட்டவணை தனி. சின்னதாயிடும்னு நெனச்சேன், ஆகல. சத்தமா இருந்த 14 போச்சு, ஆனா ஒரே வாக்கியத்துல மூணு நிபந்தனை சொருகி வச்சிருந்ததைப் பிரிச்சதுல மறுபடி ஏறிடுச்சு.

அடுத்த தடவை பண்ணா ஷீட்லதான் ஆரம்பிப்பேன், அந்த 3 மணி நேரமும் முதல் வக்கீல் பில்லும் மிச்சம். அப்புறம் "நாம்"ங்கறத எழுதி முடிக்கற வரைக்கும் தொடவே மாட்டேன், கடைசில ஒவ்வொரு "நாங்கள்"லயா போய் இங்க அவரும் சேத்தியான்னு கேட்டு மாத்துவேன். இப்ப லெட்டர்ல மிச்சம் இருக்கறது ஒரே ஒரு "நாம்", முதல் நாள் காலைல "நாம் சந்திப்போம்"ங்கற இடத்துல. கேள்வித்தாளுக்கும் ரெண்டு பேர் போதாது, ஒருத்தராவது இப்ப நிஜமா வேலை தேடிகிட்டு இருக்கறவரா இருக்கணும், அவங்க படிக்கற கண்ணே வேற.

புது லெட்டர் முதல்ல போனது ஒரு பையனுக்கு. மறுநாள் போன் வந்துச்சு, எனக்கு பக்குனு இருந்துச்சு. "சார், லெட்டர் நல்லா புரியுது. ஒரே ஒரு டவுட்டு. நான் போனா 60 நாள், நீங்க அனுப்பினா 30, அது ஏன் சார்?" மேலதிகாரிகிட்ட லைனை மாத்தி விட்டேன். கையெழுத்து 8ஆம் தேதியே வந்துச்சு, 60 இன்னும் 60தான், ஆனா அடுத்த மீட்டிங் அஜெண்டால மூணாவது ஐட்டமா அது ஏறியிருக்கு.